கொமொரெபியைப் பிரித்துப் பார்த்தால்

கேள்வி: சுந்தொக்கு, கொமொரெபி மாதிரி ஜப்பானியச் சொற்களைப் பட்டியல் போட்டு நிறையப் பேர் பகிர்கிறார்கள். வாங்கிப் படிக்காமல் கிடக்கும் புத்தகம், மரத்துக்கு நடுவே விழும் வெயில் என்று இத்தனை சின்ன விஷயத்துக்கெல்லாம் ஒரே சொல் எப்படி அமைகிறது? அங்கே நிஜமாகவே இப்படிப் பேசுகிறார்களா?

பட்டியல்களில் வராத ஒரு சொல்லிலிருந்து தொடங்குகிறேன். மொழிபெயர்ப்பு வேலைக்காக நகோயாவில் இரண்டு வருடம் இருந்தேன். எனக்குக் கிடைத்த அறைக்கு ஒரே ஒரு ஜன்னல், அதுவும் மேற்குப் பார்த்தது. குடிபோனது ஜூலை மாதம். மூன்றாம் நாள் பக்கத்து அறை அம்மாள் மாடிப்படியில் என்னை நிறுத்தி, "இங்கே நிஷிபி கடுமையாக இருக்கும், மூங்கில் திரை வாங்கிக் கட்டிவிடுங்கள்" என்றார். நிஷிபி என்ற சொல்லை அதற்கு முன் நான் கேட்டதில்லை. ஆனாலும் காதில் விழுந்ததுமே புரிந்துவிட்டது. நிஷி என்றால் மேற்கு. ஹி என்றால் சூரியன், வெயில். மதியம் மூன்று மணிக்குமேல் சாய்வாக உள்ளே வந்து, சுவரையும் மெத்தையையும் சுட்டு, ராத்திரி வரை அறையைப் புழுங்க வைக்கிறதே, அந்த வெயில்.

இதை அங்கே யாரும் கவித்துவம் என்று நினைப்பதில்லை. வாடகைக்கு வீடு பார்க்கப் போனால் தரகரிடம் கேட்கிற விஷயம் இது. கொமொரெபியும் இதே பட்டறையில் செய்த சொல்தான். அதையும் ஒரு ஜப்பானியர் முதல்முறை கேட்டால், அகராதி பார்க்காமலே பெரும்பாலும் புரிந்துகொள்வார். பட்டறையில் என்னென்ன கருவிகள் இருக்கின்றன என்று பார்த்துவிட்டால் உங்கள் கேள்வியில் பாதி முடிந்துவிடும். தமிழ் இலக்கணம் பள்ளியில் படித்தவர்களுக்கு இது சுலபம். ஏன் என்று போகப் போகத் தெரியும்.

கொமொரெபியில் மூன்று துண்டுகள்: கொ, மொரெ, பி. நடுத்துண்டை முதலில் எடுப்போம். மொரெரு என்றால் கசிதல், ஒழுகுதல். குழாய் ஒழுகினால் இந்த வினை, காஸ் கசிந்தால் இந்த வினை, ரகசியம் வெளியே கசிந்தாலும் இந்த வினை. கூரை ஒழுகுவதற்கு அங்கே அமமொரி என்று சொல்வார்கள். அதில் இருப்பது இதே கசிவின் உடன்பிறப்பு. ஆக, கொமொரெபியை எழுத்துக்கு எழுத்து தமிழில் போட்டால் "மரம் கசி வெயில்". இலைகள் ஒரு கூரை, அந்தக் கூரை வெயிலை ஒழுகவிடுகிறது. பிளம்பர் பயன்படுத்தும் வினையை எடுத்து வெயிலுக்குப் போட்டிருக்கிறார்கள். சொல்லின் அழகு என்று நாம் வியப்பது அந்த ஒரே ஒரு தேர்வைத்தான், மற்றதெல்லாம் தச்சுவேலை.

"மரம் கசி வெயில்" என்று எழுதும்போதே நமக்கு வினைத்தொகை ஞாபகம் வரும். ஊறுகாய், சுடுசோறு, குடிநீர். ஊறிய காயா, ஊறுகிற காயா, ஊறும் காயா என்று காலம் காட்டாமல் வினையின் அடி அப்படியே பெயரோடு ஒட்டிக்கொள்கிறது. ஜப்பானியத்திலும் வினையின் காலம் காட்டும் வாலை வெட்டிவிட்டு, மிச்சமிருக்கும் தண்டைப் பெயர்ச்சொல் முன்னால் ஒட்டுகிறார்கள். மொரெரு என்பதில் வால் போனால் மொரெ. கசிந்தது, கசிகிறது, கசியும் என்ற வேறுபாடு எதுவும் அதில் கிடையாது. அதனால்தான் கொமொரெபி ஒரு நிகழ்ச்சியாகவும் இருக்கிறது, ஒரு பொருளாகவும் இருக்கிறது.

முதல் துண்டு, கொ. ஜப்பானியத்தில் மரத்துக்குச் சொல் கி. தனியாக நின்றால் எப்போதும் கி. ஆனால் சில பழைய கூட்டுச்சொற்களில் அது கொ என்று மாறிவிடுகிறது. மரநிழலுக்கு கொக்ககெ என்று பெயர், அதிலும் இந்தக் கொதான். மழை தனியாக நின்றால் அமெ, கூட்டுச்சொல்லில் அம. குடை என்பது கசா, மழைக்குடை அமகசா. மதுவுக்கு சக்கெ, மது விற்கும் கடைக்கு சக்கயா. நாம் ஆறு என்று சொல்லிவிட்டு ஆற்றுமணல் என்கிறோம், காடு என்று சொல்லிவிட்டு காட்டுப்பன்றி என்கிறோம் இல்லையா, அதுபோல. ஒரு வித்தியாசம் உண்டு. நமக்கு ஆற்று, காட்டு எல்லாம் இன்றும் ஓடுகிற விதி. புதுச்சொல் செய்தாலும் அப்படித்தான் வரும். அங்கே அது உறைந்துபோன பழைய வடிவம். இன்றைக்கு ஒருவர் புதிதாகச் சொல் கட்டினால் கி என்றே வைப்பார். எனவே கொ என்று தொடங்குவதே அந்தக் கட்டுமானத்துக்குப் பழமையின் வாசனையைக் கொடுக்கிறது.

கடைசித் துண்டில்தான் நிஷிபியும் கொமொரெபியும் சந்திக்கின்றன. ஹி என்பது பி ஆகிவிட்டது. (இங்கே பி-யை "அன்பில்" என்பதில் வருவதுபோல் மெலிதாகச் சொல்ல வேண்டும்.) இரண்டு சொற்கள் ஒட்டும்போது பின்சொல்லின் முதல் ஒலி மெலியும் இந்த வழக்கத்துக்கு ரெந்தக்கு என்று பெயர். க மெலிந்து கன்னடக்காரர் "கௌடா" என்று சொல்லும்போது வரும் ஒலியாகிறது, ஷ என்பது ஜ ஆகிறது, த என்பது தோசையில் வரும் த ஆகிறது. ஹ மட்டும் ஏன் ப வகைக்குத் தாவுகிறது என்று கேட்கலாம். ஹ முன்காலத்தில் ப-ஆக இருந்து, பிறகு ஃப போல் ஊதும் ஒலியாகி, கடைசியில் ஹ ஆனது. 1603-இல் நாகசாகியில் இயேசு சபையார் அச்சிட்ட ஜப்பானிய–போர்த்துகீசிய அகராதியில் இந்த ஹ-க்கள் எல்லாம் ஃப என்றே எழுதப்பட்டிருக்கின்றன. தனியாக நின்ற ப தேய்ந்து போய்விட்டது. கூட்டுச்சொல்லுக்குள் மாட்டிக்கொண்ட மெலிந்த ப தப்பிவிட்டது. கொமொரெபியின் கடைசி எழுத்து அந்த வகையில் ஒரு தொல்பொருள்.

இந்த மெலிவு வெறும் உச்சரிப்பு வசதி என்று நினைத்துவிடாதீர்கள். அது அர்த்தம் சொல்கிறது. யமா என்றால் மலை, கவா என்றால் ஆறு. யமக்கவா என்று வல்லொலியோடு சொன்னால் "மலையும் ஆறும்". க-வை மெலித்து யமகவா என்றால் "மலையில் ஓடும் ஆறு". நம் இலக்கண ஆசிரியர்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள், ஏனென்றால் இதே வேலையை நாம் தலைகீழாகச் செய்கிறோம். தாய்தந்தை, செடிகொடி என்று உம்மைத்தொகையில் வல்லினம் மிகாது. மலைப்பாம்பு, மலைப்பாதை என்று வேற்றுமைத்தொகையில் மிகும். நாம் வன்மை கூட்டிக் காட்டும் உறவை அவர்கள் மென்மை கூட்டிக் காட்டுகிறார்கள். இரண்டு இடத்திலும் காதுக்குக் கிடைக்கும் செய்தி ஒன்றே: இவை பக்கத்தில் நிற்கும் இரண்டு சொற்கள் அல்ல, ஒன்றுக்குள் ஒன்று போய்விட்டன.

விதிக்குத் தடையும் உண்டு. மேலே சொன்ன கொக்ககெயைப் பாருங்கள். நிழல் என்பது கக்கெ அல்ல, க-வுக்குப் பிறகு மெலிந்த க வரும் சொல், ககெ. அதற்குள் ஏற்கெனவே ஒரு மெல்லொலி இருப்பதால் அதன் தலை மெலியாது. கொவுக்குப் பின் வல்லொலியாகவே நிற்கிறது. இதை விளக்கி 1894-இல் கட்டுரை எழுதியவர் பெஞ்சமின் ஸ்மித் லைமன், அதனால் லைமன் விதி என்கிறார்கள். அவர் மொழியறிஞர் அல்ல. ஹொக்கைடோவில் நிலக்கரியும் எண்ணெயும் தேடப்போன அமெரிக்கச் சுரங்கப் பொறியாளர். இத்தனை விதி இருந்தும் முழுசாக அடக்க முடியவில்லை. நிஷிபியில் பி ஆகும் அதே ஹி, காலை வெயிலான அசஹியிலும் மாலைச் சூரியனான யூஹியிலும் ஹி-யாகவே இருக்கிறது. ஏன் என்று கேட்டால் எந்த ஜப்பானியரும் "அப்படித்தான் சொல்வோம்" என்பார். நான் ஆரம்பத்தில் யூபி என்று சொல்லிப் பல தடவை திருத்தப்பட்டேன்.

இந்தப் பட்டறையின் உற்பத்தி வேகத்தைப் பார்க்க வேண்டுமானால் சாப்பாட்டு மேசைக்கு வாருங்கள். ஹஷி என்றால் சாப்பிடும் குச்சி. கூட்டுச்சொல்லில் பஷி. இரண்டாகப் பிளந்து பயன்படுத்தும் மரக்குச்சி வரிபஷி. வரி என்பது பிளத்தல் என்ற வினையின் தண்டு. அதாவது "பிளகுச்சி", அசல் வினைத்தொகை. இனி தப்புகளின் வரிசை. எதை எடுக்கலாம் என்று முடிவு செய்யாமல் தட்டுகளுக்கு மேலே குச்சியை அலைய விடுவது மயொய்பஷி, தயங்குகுச்சி. உருளைக்கிழங்கை இடுக்கிப் பிடிக்க முடியாமல் குத்தி எடுப்பது சஷிபஷி, குத்துகுச்சி. குச்சி நுனியை நக்கினால் நெபுரிபஷி. குச்சியால் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்தால் யொசெபஷி. குழம்பைச் சொட்டவிட்டுக்கொண்டே வாய்க்குக் கொண்டுபோனால் நமிதபஷி, கண்ணீர்க்குச்சி. சோற்றில் குச்சியை நட்டுவைப்பது ததெபஷி வகை, அதை மட்டும் விளையாட்டுக்குக்கூடச் செய்யாதீர்கள். இறந்தவருக்குப் படைக்கும் சோற்றில்தான் அப்படி நடுவார்கள். இந்தத் தப்புகள் அனைத்துக்கும் சேர்த்து கிராய்பஷி என்று பெயர், வெறுக்கத்தக்க குச்சி. இன்னும் பத்துப் பதினைந்து சொல்லலாம்.

இவற்றில் ஒன்றைக்கூட யாரும் உலக அதிசயச் சொல் என்று பகிர்ந்து நான் பார்க்கவில்லை. ஆனால் மயொய்பஷியும் கொமொரெபியும் ஒரே அச்சில் வார்த்தவை. ஒரு வினைத்தண்டு, ஒரு பெயர், நடுவே ஒரு மெலிவு. இவ்வளவு மலிவாகச் சொல் செய்ய முடிந்தால் சின்னச் சின்ன விஷயத்துக்கும் சொல் இருக்கத்தான் செய்யும். அதில் ஜப்பானிய மனத்தின் தனி நுட்பத்தைத் தேடுவது எனக்கு ஒப்புதல் இல்லை. அச்சு மலிவு, அவ்வளவுதான்.

சுந்தொக்கு விஷயம் வேறு. அது அச்சில் வார்த்ததில்லை, ஒரு சிலேடை. காளமேகம் பிறந்த ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கச் சங்கடமே இல்லை.

முதலில் மேலோட்டமான அர்த்தம். சுமு என்றால் அடுக்குதல், குவித்தல். ஒக்கு என்றால் வைத்தல். சுந்தெ ஒக்கு என்றால் "அடுக்கி வை". இங்கே வை என்பதைக் கவனியுங்கள். நாம் "பால் வாங்கி வை", "அவனிடம் சொல்லி வை" என்கிறோமே, அந்த வை. பாலை எங்கேயும் வைக்கச் சொல்லவில்லை. பிற்பாடு தேவைப்படும், இப்போதே செய்து முடி என்கிறோம். ஜப்பானிய ஒக்குவும் துணைவினையாக வரும்போது இதே வேலை செய்கிறது: பிறகுக்கு ஆகட்டும் என்று செய்துவைப்பது, அல்லது செய்து அப்படியே விட்டுவைப்பது. அதனால் "அடுக்கி வை" என்பதற்குள்ளேயே "பிறகு படிக்கலாம்" என்ற சமாதானம் ஒளிந்திருக்கிறது. வேறு மொழிக்காரர்களுக்கு இதை விளக்க ஒரு பத்தி வேண்டும். நமக்கு வேண்டாம்.

பேச்சில் சுந்தெ ஒக்கு என்று யாரும் இழுத்துச் சொல்வதில்லை. எ-யும் ஒ-வும் மோதி, எ விழுந்து, சுந்தொக்கு. வாங்கி வை என்பதற்கான கத்தெ ஒக்குவும் பேச்சில் கத்தொக்கு. "சாப்பிட்டுவிட்டேன்" நம் வாயில் "சாப்பிட்டுட்டேன்" ஆவதுபோல. ஆக சுந்தொக்கு என்ற ஒலி ஏற்கெனவே அன்றாடப் பேச்சில் இருந்தது. புத்தகத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. விறகை அடுக்கி வைத்தாலும் சுந்தொக்குதான்.

இப்போது சிலேடை. ஜப்பானியத்தில் படித்தலுக்கு இரண்டு வேர்கள். ஒன்று சொந்தச் சொல், யொமு. இன்னொன்று சீன எழுத்தோடு கடனாக வந்த ஒலி, தொக்கு. (த-வைத் தோசையில் வருவதுபோல் சொல்லுங்கள், தக்காளித் தொக்கு ஆகிவிடக் கூடாது.) இந்தக் கடன் தொக்குவை வாலில் வைத்து வாசிக்கும் முறைகளுக்கு ஒரு நீண்ட வரிசையே செய்து வைத்திருக்கிறார்கள். வாய்விட்டு வாசிப்பது ஒந்தொக்கு. மனதுக்குள் வாசிப்பது மொக்குதொக்கு. ஊன்றி வாசிப்பது செய்தொக்கு. கையில் கிடைத்ததையெல்லாம் வாசிப்பது ரந்தொக்கு. வேகமாக வாசிப்பது சொக்குதொக்கு. எல்லாம் பள்ளிக்கூடத்து, பத்திரிகைத் தலையங்கத்துச் சொற்கள். முகத்தில் சிரிப்பே இல்லாதவை.

மெய்ஜி காலத்தில், அதாவது 1868-க்கும் 1912-க்கும் நடுவே, யாரோ ஒரு குறும்புக்காரருக்கு இந்த வரிசையும் "அடுக்கி வை"-யின் பேச்சு வடிவமும் ஒரே ஓசையில் முடிவது கண்ணில் பட்டிருக்கிறது. சுந்தொக்குவின் கடைசி இரண்டு எழுத்தை "வாசிப்பு" என்ற சீன எழுத்தால் எழுதிவிட்டார். முன்பாதிக்கு "அடுக்கு" என்ற எழுத்து. காதால் கேட்டால் அடுக்கி வை. கண்ணால் பார்த்தால் அடுக்கு-வாசிப்பு. வாய்விட்டு வாசிப்பு, மனதுக்குள் வாசிப்பு, ஊன்றி வாசிப்பு, அடுக்கு வாசிப்பு! வாசிக்காமல் இருப்பதே ஒரு வாசிப்பு முறையாகப் பட்டியலில் நுழைந்து உட்கார்ந்துகொண்டது. நகைச்சுவை முழுவதும் இந்த வரிசையில்தான் இருக்கிறது. வரிசையைச் சொல்லாமல் சொல்லை மட்டும் சொன்னால், "புத்தகம் வாங்கிப் படிக்காமல் இருப்பதற்கு ஜப்பானியத்தில் ஒரு சொல்" என்று சப்பென்று ஆகிவிடும். இணையத்தில் வரும் விளக்கங்களில் பெரும்பாலும் நடப்பது அதுதான்.

இன்னொரு தவறையும் சொல்லிவிடுகிறேன். சுந்தொக்கு என்பது நோயோ, புத்தகப் பைத்தியமோ, அப்படிப்பட்ட ஆளின் பெயரோ அல்ல. செயலின் பெயர். "போன மாதம் வாங்கியது இன்னும் சுந்தொக்குவில்தான் இருக்கிறது" என்று கொஞ்சம் அசடு வழிந்தபடி சொல்வார்கள். அடுக்கில் பத்து இருந்தாலும் ஒன்றே இருந்தாலும் சரி. சிலேடையின் வால் இன்று அறுந்து, தலை மட்டும் புது வேலைக்குப் போயிருக்கிறது: வாங்கி விளையாடாமல் கிடக்கும் வீடியோ கேமுக்கு சுமிகே, பெட்டி பிரிக்காத பிளாஸ்டிக் மாடல் கிட்டுக்கு சுமிபுரா. அதில் வாசிப்பும் இல்லை, சிலேடையும் இல்லை. "சுமி" என்றாலே "வாங்கிக் குவித்துத் தொடாதது" என்று ஆகிவிட்டது.

இங்கே வரைக்கும் படித்தவர்கள் மனதில் ஒரு கேள்வி வந்திருக்கும். வினைத்தொகை, துணைவினை வை, தொகையில் ஒலிமாற்றம், இத்தனை ஒற்றுமை இருக்கிறதே, இரண்டும் ஒரே குடும்பமா? சுசுமு ஓனோ என்ற ஜப்பானிய அறிஞர் ஆமாம் என்று பல ஆண்டுகள் எழுதினார். நம் ஊரில் அவருக்கு நல்ல பெயர். ஆனால் பெரும்பாலான மொழியியலாளர்கள் ஏற்கவில்லை, எனக்கும் அதுவே சரி என்று படுகிறது. கொரிய மொழியிலும் "வை" என்று பொருள்படும் வினை துணைவினையாகி இதே "செய்து வை" வேலையைப் பார்க்கிறது. வினையைக் கடைசியில் வைக்கும் மொழிகள் தனித்தனியாகவே இப்படிப்பட்ட வழிகளைக் கண்டுபிடித்துக்கொள்ளும். உறவு இல்லாவிட்டால் என்ன, புரிந்துகொள்ள நமக்குக் குறுக்குவழி கிடைத்ததே, அது போதாதா.

சரி, நிஜமாகவே பேசுகிறார்களா? பட்டியலைப் பொறுத்தது. கொமொரெபி எல்லோருக்கும் தெரியும்; பேச்சைவிட எழுத்தில் அதிகம் வரும். பூங்காவில் நடக்கும்போது ஒருவர் சொன்னால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். சுந்தொக்கு சர்வசாதாரணம். ஆனால் அதே பட்டியலில் அகெஒத்தொரி என்று ஒன்று வரும், "முடி வெட்டிய பிறகு முன்னைவிட அசிங்கமாகத் தெரிவது" என்ற விளக்கத்தோடு. சலூனிலிருந்து வெளியே வரும் ஒரு ஜப்பானியரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், விழிப்பார். அது 11-ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் எழுதப்பட்ட கெஞ்சியின் கதையில் வரும் சொல். அரசகுமாரன் கெஞ்சிக்குப் பன்னிரண்டு வயதில் பெரியவனாகும் சடங்கு. சிறுவனின் தொங்கும் முடியை உயர்த்திக் கட்டுவார்கள். இத்தனை சின்ன வயதில் முடியை உயர்த்தினால் அழகு குறைந்துவிடுமோ என்று அரசர் கவலைப்படுகிறார். கட்டிய பிறகு பார்த்தால் இன்னும் அழகாகிவிடுகிறான். அகெ என்றால் உயர்த்துதல், ஒத்தொரி என்றால் தாழ்வது. சடங்கு போனது, சொல்லும் போனது. அதை சலூனுக்குக் கொண்டுவந்து வைத்தது இணையம்.

பக்குஷான் என்பதும் அப்படித்தான். பின்னாலிருந்து பார்த்தால் மட்டும் அழகாகத் தெரியும் பெண்ணுக்குப் போருக்கு முந்தைய இளைஞர்கள் வைத்த கேலிப்பெயர். முதுகுக்கு ஆங்கிலச் சொல், அழகுக்கு ஜெர்மன் சொல், இரண்டையும் ஒட்டியது. இன்று அது செத்த சொல். ஷின்ரின்யொக்கு, காட்டுக்குளியல், செத்ததில்லை. ஆனால் புராதனமும் இல்லை. சூரியக்குளியலுக்கு இருந்த சொல்லைப் பார்த்து 1982-இல் ஜப்பானிய வனத்துறை அறிமுகப்படுத்தியது. அதன் துண்டுகள் எல்லாமே சீனக் கடன். கொமொரெபியில் பார்த்த பழைய கொ, மெலிந்த பி போன்ற தேய்மானம் எதுவும் அதில் இருக்காது. அரசாங்க அலுவலகத்தில் செங்கல்லாக அடுக்கியது. காதிலேயே வித்தியாசம் தெரியும்.

அதனால் பட்டியலில் ஒரு சொல்லைப் பார்த்தால் நான் செய்வது இரண்டே விஷயம். துண்டு துண்டாகப் பிரிய வேண்டும், ஒவ்வொரு துண்டும் வேறு அன்றாடச் சொல்லிலும் இருக்க வேண்டும். பிறகு kotobank தளத்தில் ஜப்பானிய எழுத்தில் தேடி, எடுத்துக்காட்டு வாக்கியம் எந்தக் காலத்தது என்று பார்ப்பேன். கெஞ்சி காலத்து வாக்கியம் மட்டும் இருந்தால் சந்தேகம்.

ஒரு சொல்லை வைத்துச் செய்து பார்ப்போம்: நெக்கொஜித்தா. நெக்கொ, பூனை. ஷித்தா, நாக்கு. ஒட்டும்போது ஷ மெலிந்து ஜ. பூனைநாக்கு. இரண்டு துண்டும் குழந்தைகளுக்குத் தெரிந்த சொற்கள், மெலிவும் விதிப்படி. ஆனால் பேசுவது பூனையின் நாக்கைப் பற்றி அல்ல, சூடாக எதையும் குடிக்க முடியாத ஆளைப் பற்றி. பொற்றொடி வந்தாள் என்றால் தொடி வரவில்லை, அதை அணிந்தவள் வந்தாள் என்று அன்மொழித்தொகைக்குச் சொல்லிக்கொடுத்தார்களே, அதுதான். கூனல் முதுகுக்கு இருக்கும் நெக்கொஸெ, அதாவது பூனைமுதுகு, இதன் தம்பி. அகராதியிலும் இருக்கிறது, தேநீர்க்கடையிலும் கேட்கலாம்.

நானும் ஒரு நெக்கொஜித்தாதான். அந்த அம்மாள் ஒருநாள் மாலை தேநீர் கொண்டுவந்து கொடுத்தபோது அதைச் சொல்லிவிட்டு, ஆறட்டும் என்று கோப்பையை ஜன்னல் விளிம்பில் வைத்தேன். அவர் வெளியே ஒரு தடவை பார்த்தார், கோப்பையை ஒரு தடவை பார்த்தார். "நிஷிபி அடிக்கிற இடத்தில் வைத்தால் எப்படி ஆறும்?" என்று கேட்டு, அதை எடுத்துத் தரையில் வைத்தார்.